செப்புக் காப்பும் காந்தக் காப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்புக் காப்பு போட்டால் மூட்டு வலி குறையுமா, குறையாதா? நேராகச் சொல்லுங்கள்.

போட்ட பிறகு வலி குறைந்ததாகப் பலர் சொல்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காந்தம் நீக்கப்பட்ட வெறும் பட்டையைக் கட்டிக்கொண்டவர்களுக்கும் வலி அதே அளவில்தான் இருந்தது என்று சோதனைகள் காட்டுகின்றன. செம்புக்கோ காந்தத்துக்கோ உரிய தனிப் பலன் என்று எதையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. மூட்டின் வீக்கத்தையும் அழற்சியையும் பொறுத்தவரை விடை இன்னும் தெளிவு: குறையவில்லை.

இதை யாராவது ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, அல்லது படித்தவர்கள் சும்மா ஒதுக்கித் தள்ளுகிறார்களா?

சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவர்ட் ரிச்மண்டும் குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைத்தான் படிக்கச் சொல்வேன்.

முடக்குவாதத்தால் வலியோடு இருந்த 70 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவரும் நான்கு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக மணிக்கட்டில் அணிய வேண்டும். கடையில் விற்பது போன்ற வலுவான காந்தப் பட்டை ஒன்று. பார்வைக்கு அதே மாதிரி, ஆனால் காந்தம் குறைக்கப்பட்ட பட்டை ஒன்று. காந்தம் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்ட பட்டை ஒன்று. நான்காவது செப்புக் காப்பு. ஒவ்வொன்றும் ஐந்து வாரம்; நடுவில் ஒரு வாரம் வெறுங்கை. எதை முதலில் அணிவது, எதைக் கடைசியில் அணிவது என்ற வரிசை ஆளுக்கு ஆள் குலுக்கல் முறையில் மாறியது.

இந்த அமைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காப்பு போட்டவர்களை ஒரு பக்கமும் போடாதவர்களை மறுபக்கமும் நிறுத்தினால், இரண்டு பக்கத்தாரும் வெவ்வேறு ஆட்கள். நோயின் கடுமையும் வேறு, குணமும் வேறு. இங்கே ஒருவர் தம்மோடு தாமே ஒப்பிடப்படுகிறார். நோய் அதே, மருந்து அதே, அலுத்துக்கொள்ளும் சுபாவமும் அதே. மாறுவது கையில் இருப்பது மட்டும்தான்.

வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொன்னார்கள். ஒரு முனை ‘வலியே இல்லை’, மறுமுனை ‘தாங்க முடியாத வலி’. அதோடு நிற்காமல் இரத்தத்தையும் சோதித்தார்கள். அழற்சி கூடினால் ஏறும் சி-ரியாக்டிவ் புரதம், இரத்தநீரின் பிசுபிசுப்பு, வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையைச் சேர்த்துக் கணக்கிடும் நோய்க் குறியெண், அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்ற கேள்வித்தாள், மருந்து உட்கொண்ட அளவு என எல்லாவற்றையும் பார்த்தார்கள். நான்கு பொருள்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் எதிலும் இல்லை. வலுவான காந்தம் போலிப் பட்டையை மிஞ்சவில்லை, செம்பும் மிஞ்சவில்லை.

முடக்குவாதம் வேறு, மூட்டுத் தேய்மானம் வேறு என்று ஒருவர் சொல்லலாம், நியாயம்தான். தேய்மானம் உள்ள 45 பேரிடம் ஏறக்குறைய இதே நான்கு பொருள்களை வைத்து இதே குழு நடத்திய முந்தைய ஆய்வு 2009-இல் வந்தது. அதிலும் காந்தமும் செம்பும் கவைக்கு உதவவில்லை.

ஆனால் காந்தக் காப்பு பலன் தருகிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலேயே ஆய்வு வந்திருக்கிறதே?

வந்திருக்கிறது. விற்பவர்கள் அதைத் தவறாமல் எடுத்துக் காட்டுகிறார்கள். நாமும் ஒளிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் வெளியான ஆய்வு அது. இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் உள்ள 194 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வலுவான காந்தம், பலவீனமான காந்தம், காந்தமில்லாத போலி ஆகியவற்றில் ஒன்றை 12 வாரம் அணிந்தார்கள். போலியை அணிந்தவர்களைவிட வலுவான காந்தம் அணிந்தவர்களுக்கு வலி மதிப்பெண் சராசரியாக 1.3 புள்ளி கூடுதலாகக் குறைந்தது.

அந்த 1.3 எதில் என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் முதல் 20 வரை போகும் அளவுகோலில். அதன் நம்பக எல்லை 0.05-இலிருந்து 2.55 வரை. அதாவது உண்மையான வித்தியாசம் இரண்டரைப் புள்ளியாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தக்க அளவாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. காந்தத்தை மறைத்து வைப்பது கடினம். சாவிக்கொத்தை எடுக்கும்போது காப்பு அதில் ஒட்டிக்கொண்டால் போதும், தமக்குக் கிடைத்தது உண்மையான காந்தம் என்று அணிந்தவருக்குத் தெரிந்துவிடும். ஒட்டாதவருக்கும் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எதிர்பார்ப்பு வலியின் மதிப்பெண்ணை நகர்த்தத் தொடங்குகிறது. இந்த ஆய்வில் பலவீனமாக இருக்க வேண்டிய காப்புகளில் சில உண்மையில் வலுவான காந்தத்தோடு வந்துவிட்டன. அதனால் நடுக்குழுவின் ஒப்பீடும் குழம்பியது. கிடைத்த பலன் காந்தத்தினாலா நம்பிக்கையினாலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என ஆய்வாளர்களே எழுதினார்கள். விளம்பரத்தில் இந்த வாக்கியத்தைத் தேடாதீர்கள், கிடைக்காது.

2007-இல் பிட்லர், பிரவுன், எர்ன்ஸ்ட் மூவரும் நிலைகாந்தங்களைப் பற்றிய சோதனைகளைத் திரட்டி, ஒன்பது சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 100 மில்லிமீட்டர் வலிக் கோட்டில் காந்தத்துக்கும் போலிக்கும் இடையே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வித்தியாசம். அதுவும் தற்செயலாக வரக்கூடிய அளவு. மூட்டுத் தேய்மானத்துக்கு மட்டும் அவர்கள் கதவை இறுகச் சாத்தவில்லை, மேலும் ஆராயலாம் என்றார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் மேலே சொன்ன 2009 ஆய்வு.

என் அத்தைக்குப் போட்ட மூன்றே வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் பார்த்தது உண்மை. அதற்கான காரணத்தைத்தான் பார்க்க முடியாது. எண்களை வைத்து ஒருமுறை நடந்து பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை.

உங்கள் அத்தையின் முழங்கால் வலி பத்துக்கு எத்தனை என்று வாரந்தோறும் எழுதி வைத்திருந்தால் 4, 5, 3, 6, 5, 4 என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தேய்மான வலியின் இயல்பே அது. சில மாதங்களுக்கு ஒருமுறை 8 வரை போகும். படி ஏற முடியாது, இரவில் தூக்கம் கெடும். யாரும் வலி 4-இல் இருக்கும்போது காப்பு தேடுவதில்லை. 8-இல் இருக்கும்போதுதான் தேடுகிறார்கள். அந்த உச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் இறக்கம்தான். மூன்று வாரம் கழித்து வலி 4. காப்பு போட்டிருந்தாலும் 4, போடாமல் இருந்திருந்தாலும் 4.

இதோடு வேறு சிலவும் நடந்திருக்கும். வலி உச்சத்தில் இருந்த வாரத்தில் அத்தை வலி மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருப்பார். கனமான வேலைகளை யாராவது வாங்கிச் செய்திருப்பார்கள். அன்போடு வாங்கித் தந்தவர் “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்கும்போது, “பரவாயில்லை” என்றுதான் மனிதர்கள் சொல்வார்கள், சொல்லும்போது கொஞ்சம் அப்படி உணரவும் செய்வார்கள்.

பலன் கிடைக்காதவர்களின் கதை உங்கள் காதுக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் காப்பைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றி யாருக்கும் போன் செய்து சொல்வதில்லை.

அன்று அத்தையின் கைக்குக் காந்தம் நீக்கிய பட்டை போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து விடை சொல்ல முடியாது. யார்க்கில் 70 பேர் மாறி மாறி நான்கையும் அணிந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நம்பிக்கையால் வலி குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். குறைந்தால் நல்லதுதானே?

தேய்மான வலிக்கு இந்த வாதத்தை நான் பெரிதாக எதிர்க்க மாட்டேன். முடக்குவாதத்துக்கு எதிர்ப்பேன். முடக்குவாதத்தில் வலி நோயின் ஒரு முகம் மட்டுமே. உள்ளே மூட்டின் உறை வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை வலி மதிப்பெண்ணை ஓரிரு புள்ளி குறைக்கலாம். அரிப்பு அதைக் கேட்டு நிற்காது. வலி குறைந்ததால் ‘நோய் அடங்கிவிட்டது’ என்று நினைப்பவர் இழப்பது மாதங்களை, பிறகு விரல்களின் நேர்த்தியை.

உடம்பில் செம்பு குறைந்தால்தான் மூட்டு வலி வருகிறது, காப்பிலிருந்து செம்பு தோல் வழியாக உள்ளே போகிறது என்கிறார்களே?

இந்தக் கதையில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. முதல் பாதி தலைகீழாகவே இருக்கிறது.

வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையான செம்பு 0.9 மில்லிகிராம். பருப்பு, கொட்டைகள், முழுத் தானியம், ஈரல் போன்ற உணவிலிருந்து அது எளிதாகக் கிடைத்துவிடுகிறது. மிஞ்சுவதைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றுகிறது. செம்புக் குறைபாடு அரிது. குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ, துத்தநாக மாத்திரையை அளவுமீறி நெடுநாள் உட்கொண்டாலோ வரும். அப்போது இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் தலைகாட்டும். வழக்கமான மூட்டுத் தேய்மானத்துக்கும் முடக்குவாதத்துக்கும் அது காரணமில்லை.

முடக்குவாதம் உள்ளவர்களின் இரத்தத்தில் செம்பின் அளவு குறைவதில்லை; பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கிறது. இரத்தத்தில் செம்பைச் சுமந்து செல்லும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரலில் கூடுதலாக உற்பத்தியாகிறது. புரதம் ஏற, அதோடு செம்பும் ஏறுகிறது. இன்னொரு வேடிக்கை: முன்பெல்லாம் முடக்குவாதத்துக்குப் பரவலாகக் கொடுத்துவந்த பெனிசிலமின் என்ற மருந்து, செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு அதைக் கொடுப்பது அந்தக் குணத்துக்காகத்தான். முடக்குவாதத்தில் அது வேறு வழியில் வேலை செய்திருக்கலாம். ஆனாலும் செம்பு குறைந்ததால் வந்த நோய் என்றால், செம்பை வெளியேற்றும் மருந்தில் நோயாளியின் நிலை மோசமாகியிருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாவது பாதியில் சிறிது உண்மை உண்டு. வியர்வையில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவில் தோலுக்குள் புகக்கூடும். 1976-இல் ஆஸ்திரேலியாவில் வாக்கர், கீட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அணியப்பட்ட காப்புகளின் எடை குறைந்திருந்ததைக் காட்டினார்கள். இன்றும் விளம்பரங்கள் சுற்றி வருவது இதைத்தான். எடை குறைந்தது சரி. போன செம்பு எங்கே போனது? சட்டைக் கையில் தேய்ந்தது, சோப்பு நீரில் கழுவிப் போனது, தோலின் மேல் பச்சையாகப் படிந்து உதிர்ந்தது, இவை எல்லாம் அந்தக் கணக்கில்தான் அடங்கும். காப்பின் எடை இரத்தத்தில் சேர்ந்த செம்பை அளப்பதில்லை. சேர்ந்தாலும் அது மூட்டுக்குப் போய் வலியைக் குறைக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தேடிய சோதனைகள்தான் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன.

கையில் பச்சைக் கறை படிகிறது. கெட்டது வெளியேறுகிறது என்று பொருளா?

இல்லை. வியர்வையிலுள்ள உப்பும் தோலின் கொழுப்பு அமிலங்களும் காற்றும் சேர்ந்து செம்பின் மேற்பரப்பில் செப்பு உப்புகளை உண்டாக்குகின்றன. நிறம் அவற்றுடையது. சோப்பு போட்டால் போய்விடும், தீங்கில்லை. வெளியேறியது காப்பிலிருந்துதான்.

இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது என்று விளக்கம் தருகிறார்களே?

இரத்தத்திலுள்ள இரும்பு ஆணியின் இரும்பு மாதிரி நடந்துகொள்வதில்லை. ஹீமோகுளோபின் மூலக்கூறுக்குள் அது தனித்தனி அணுக்களாகக் கட்டுண்டு கிடக்கிறது. 1936-இல் வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் இதை அளந்தார்கள்: ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதே இல்லை, மிக மெலிதாகத் தள்ளுகிறது; ஆக்சிஜன் இல்லாதது மிக மெலிதாக ஈர்க்கப்படுகிறது. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தப்புலம் வழக்கமாக 1.5 அல்லது 3 டெஸ்லா. காப்பிலுள்ள காந்தத்தின் பரப்பில் 0.2 டெஸ்லா இருந்தாலே அது வலுவானது. காப்பு இரத்தத்தை இழுக்கும் என்றால், எம்.ஆர்.ஐ.க்குள் படுத்தவர் எழுந்து வரவே முடியாது.

தூரமும் ஒரு தடை. சிறிய காந்தத்தின் புலம், அதன் அளவை ஒப்பிட விலகிய இடத்தில், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். வட, தென் துருவங்களை மாற்றி மாற்றி அடுக்கிய பட்டைகளில் இன்னும் வேகமாகச் சுருங்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: காப்பை ஒரு காகித உறைமேல் வைத்து அடியில் ஒரு காகிதக் கவ்வியை ஒட்டுங்கள். பிறகு தாள்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்தத் தடிமனில் கவ்வி விழுகிறது என்று அளந்து, அதை உங்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கால் வரை உள்ள தூரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காந்தத்தின் வலிமை என்று பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் ‘காஸ்’ எண்ணை நம்ப வேண்டாம். பல நேரம் அது காந்தப் பொருளின் உள்ளளவு, தோலைத் தொடும் இடத்தின் அளவு அல்ல.

‘அயனி’ காப்பு என்று விற்கிறார்கள். அது வேறா?

பெயர் வேறு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் தசை, மூட்டு வலியுள்ள 610 பேருக்குச் சரிபாதியாக அயனிக் காப்பும் போலிக் காப்பும் கொடுத்து நான்கு வாரம் அணிய வைத்தார்கள்; முடிவு 2002-இல் வெளியானது. இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது, இரண்டுக்கும் ஒரே மாதிரி. அந்தக் காப்பை விற்றவர்கள் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், விளம்பரம் ஏமாற்று என்ற தீர்ப்பை 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

பலன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே?

செப்புக் காப்பில் பெரும்பாலும் இல்லை. மலிவான கலவை உலோகமாக இருந்து அதில் நிக்கல் இருந்தால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.

காந்தத்தில் எச்சரிக்கை தேவை. இதய மின்முடுக்கியான பேஸ்மேக்கரும், இதயம் தாறுமாறாகத் துடித்தால் மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரும், மேலே காந்தம் வைத்தால் முறை மாறும்படியே வடிவமைக்கப்பட்டவை. மருத்துவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வதுண்டு. டிஃபிப்ரிலேட்டர் அந்த நிலையில் அதிர்ச்சி தருவதை நிறுத்தி வைக்கும். கை உடம்பின் பக்கவாட்டில் இருக்கும்போது மணிக்கட்டு எட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் கையை மார்பில் மடக்கி வைத்துத் தூங்கும்போது காப்பு நேராகக் கருவியின் மேல் வந்துவிடும். குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது காந்தமுள்ள பொருள்களுக்குச் சொல்லப்படும் பொது விதி. தூக்கத்தில் அதை யார் அளப்பது? இந்தக் கருவிகள் பொருத்தியவர்கள் காந்தக் காப்பு அணியாமல் இருப்பதே நல்லது. காது கேட்க உதவும் காக்ளியர் உள்வைப்பு, தலையில் நீர் வடிக்கும் சரிப்படுத்தத்தக்க வால்வு, இன்சுலின் பம்பு உள்ளவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கண்டிப்பாகக் கூடாது.

பட்டையிலிருந்து கழன்று விழும் சிறு காந்தங்களைக் குழந்தை விழுங்கிவிட்டால் அது அவசர நிலை. இரண்டு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சுவரைத் துளைத்துவிடும். தானாக வெளியே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்பா கழற்ற மறுக்கிறார். சண்டை போட வேண்டுமா?

வேண்டாம். மின்முடுக்கி இல்லை, தோல் அரிப்பு இல்லை என்றால் காப்பு கையிலேயே இருக்கட்டும். மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று மட்டும் விசாரியுங்கள். பிறகு அவர் விரல்களைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விரல்கள் விறைத்திருக்கின்றனவா? இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள், மணிக்கட்டுகள் வீங்கி, அழுத்தினால் பஞ்சு போல மெத்தென்று இருக்கின்றனவா? கை கொடுக்கும்போது முகம் சுளிக்கிறாரா? இவை சில வாரங்களாகத் தொடர்ந்தால் மூட்டு நோய் மருத்துவரிடம் விரைவாக அழைத்துப் போங்கள். முடக்குவாதமாக இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகளை முதல் சில மாதங்களில் தொடங்குவதற்கும் தாமதித்துத் தொடங்குவதற்கும் வித்தியாசம் பெரிது. அரிபட்ட எலும்பு பழையபடி ஆவதில்லை. வெறும் தேய்மானம் என்று தெரிந்தால் தொடைத் தசைக்கான பயிற்சி, உடல் எடையைக் குறைப்பது, மேலே பூசும் வலி மருந்து ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அவற்றைக் காப்பு போட்ட கையோடும் செய்யலாம்.